எட்டு சதவீதமும் மச்சானின் மளிகைக் கடையும்

ஜூன் மாதம் வந்தால் உலு திராமில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சோறு வைக்க இடம் இருக்காது. எனக்குச் சின்னதாக ஒரு வியாபாரம். ஜூன் 30-க்குள் பாரம் பி அனுப்ப வேண்டும். நமது நாட்டில் சிறு வியாபாரிக்கு “விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம்” என்று குத்துமதிப்பாக எழுதிக் கொடுக்கும் வசதி கிடையாது. வரவு, செலவு, மிச்சம் என்று கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும்.

அப்படி ரசீதுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோதுதான் தேவகோட்டையிலிருந்து மனைவியின் தம்பி வாட்ஸ்அப்பில் அழைத்தான்.

“அத்தான், நீங்க ஏன் இப்படிச் சிரமப்படுறீங்க? எங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை. வித்ததுல எட்டு பர்சண்ட் லாபம்னு போட்டா முடிஞ்சது.”

அவன் சொன்னது இந்திய வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு. ஆண்டு விற்பனை இரண்டு கோடி ரூபாய்க்குள் இருக்கும் சிறு வியாபாரி, ரொக்கமாக வந்த விற்பனையில் 8 சதவீதத்தையும், வங்கி வழியாகவோ யுபிஐ மூலமோ வந்ததில் 6 சதவீதத்தையும் லாபமாகக் காட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் விற்பனை வரம்பு மூன்று கோடி. கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள், ஆடிட் தேவையில்லை. கடை வாடகை, சம்பளம் என்று தனியாக எதையும் கழிக்கவும் முடியாது. எல்லாம் அந்தச் சதவீதத்துக்குள் அடக்கம்.

கேட்க எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அவனே தொடர்ந்து, “ஒண்ணுதான் புரியல அத்தான். வருஷம் எட்டரை லட்சம் லாபம், ஆனா மொத்தக்கடைக்காரங்களுக்குக் குடுக்க வேண்டிய பாக்கி ஏறிக்கிட்டே போகுது” என்றான்.

என் கை அங்கேயே நின்றுவிட்டது.

2024-25 நிதியாண்டில் அவன் கடை விற்பனை 1 கோடியே 20 லட்சம். ரொக்கம் 70 லட்சம், யுபிஐ 50 லட்சம். எழுபதுக்கு 8 சதவீதம் 5.60 லட்சம், ஐம்பதுக்கு 6 சதவீதம் 3 லட்சம். ஆக 8.60 லட்சம். இதைத்தான் அவன் லாபம் என்று நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையில் வீட்டுச் செலவுக்கு மாதம் 55 ஆயிரம் எடுத்தான். அதே தொகையைக் காட்டி வங்கியில் ஓவர்டிராப்டையும் உயர்த்தி வாங்கியிருந்தான்.

நல்லவேளை, ஊருக்குப் போயிருந்தபோது நான் சொன்னேன் என்பதற்காக 2024 மார்ச் 31 இரவும், அடுத்த ஆண்டு மார்ச் 31 இரவும் கடையை மூடிவிட்டு இருப்புச் சரக்கை எண்ணி, வாங்கிய விலையில் நோட்டில் எழுதி வைத்திருந்தான். அந்த இரண்டு பக்கங்கள் இல்லாவிட்டால் உண்மை லாபத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. அலமாரியில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல், விற்ற சரக்கின் அடக்க விலையை எப்படிச் சொல்வது?

ஆண்டின் தொடக்கத்தில் சரக்கு 9 லட்சம். கொள்முதல் 107.30 லட்சம். கடைசியில் மிச்சம் 9.50 லட்சம். முதல் இரண்டையும் கூட்டி மிச்சத்தைக் கழித்தால், விற்ற சரக்கின் அடக்கம் 106.80 லட்சம். விற்பனை 120 லட்சத்திலிருந்து அதைக் கழித்தால் 13.20 லட்சம். நூறு ரூபாய்க்கு விற்றால் பதினொரு ரூபாய். அரிசி, எண்ணெய், சர்க்கரை விற்கும் கடையில் அவ்வளவுதான் நிற்கும்.

அதிலிருந்து செலவுகளைக் கழித்தோம். வாடகை 3 லட்சம், இரண்டு பையன்களின் சம்பளம் 3.36 லட்சம், மின்சாரம் 72 ஆயிரம், ஓவர்டிராப்ட் வட்டி 96 ஆயிரம், வண்டி வாடகை, ஏற்றுக்கூலி 60 ஆயிரம். அவன் ஜிஎஸ்டியில் காம்போசிஷன் முறையில் இருக்கிறான். அந்த வரியை வாடிக்கையாளரிடம் வாங்க முடியாது. அது 70 ஆயிரம். பை, பேப்பர் என்று சில்லறைச் செலவு 36 ஆயிரம். மொத்தம் 9.70 லட்சம்.

மிச்சம் 3.50 லட்சம்.

வீடியோவில் அவன் சிறிது நேரம் பேசவே இல்லை. பக்கத்தில் நின்ற என் மனைவியும் பேசவில்லை. சம்பாதித்தது மூன்றரை லட்சம். வீட்டுக்கு எடுத்தது 6.60 லட்சம். மீதியை மொத்தக்கடைக்காரர்களின் பணத்தில் சாப்பிட்டிருக்கிறான். அந்த ஆண்டு பாக்கி ஏறக்குறைய நான்கு லட்சம் கூடியிருந்ததற்குக் காரணம் அதுதான்.

“அப்ப நான் இல்லாத லாபத்துக்கு வரி கட்டியிருக்கேன். இந்த முறையே வேண்டாம் அத்தான், உண்மைக் கணக்கையே காட்டிடலாம்” என்றான். அந்த ஆண்டுக்கான வரியாக 37,440 ரூபாயை மார்ச் 15-க்குள் முன்கூட்டியே கட்டியிருந்தான். மூன்றரை லட்சம் என்று காட்டினால் வரியே வராது. கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

எனக்கும் முதலில் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி, வெளியே வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். விற்பனை ஒரு கோடியைத் தாண்டியிருப்பதால், இந்த முறையை விட்டால் அவன் கட்டாயம் ஆடிட் செய்ய வேண்டும். அவன் ஊர் ஆடிட்டர் கேட்ட கட்டணம் 25 ஆயிரம். ஆக, நிகரமாக மிஞ்சுவது 12 ஆயிரம் சொச்சம்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த முறையில் வரி காட்டியவர் நடுவில் விலகினால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பி வர முடியாது. அந்த ஐந்து ஆண்டும் ஆடிட் செலவு தொடரும். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் வந்த மாற்றத்தின்படி, 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ள தனிநபர் தள்ளுபடி போக வரி கட்ட வேண்டியதில்லை. அதாவது அடுத்த ஆண்டும் அவன் 8.60 லட்சம் என்றே காட்டினாலும் வரி பூஜ்யம். இன்று 12 ஆயிரத்துக்காக வெளியே வந்தால், பிறகு வரியே இல்லாத ஆண்டுகளுக்கும் 25 ஆயிரம் அழ வேண்டும்.

அதனால் அவன் அந்த முறையிலேயே இருந்து ஐடிஆர்-4 தாக்கல் செய்வது என்று முடிவாயிற்று. 37,440 போனது போனதுதான்.

இதே கணக்கு எல்லாருக்கும் இதே விடை தராது. வரி விழும் அளவுக்குப் பெரிய விற்பனையும் மெல்லிய லாபமும் இருந்தால், ஆடிட் கட்டணம் கொடுத்தாலும் உண்மைக் கணக்கு லாபமாக இருக்கலாம். மறுபக்கம், அவன் தெருவிலேயே பேன்சி கடை வைத்திருப்பவருக்கு நூற்றுக்கு இருபது நிற்கும். 8 என்பது குறைந்தபட்சம்தான். கூடுதல் லாபம் இருந்தால் அதைக் காட்டலாம், காட்டுவதுதான் நல்லது. எட்டு என்று எழுதிவிட்டு வீடு, நிலம் வாங்கினால், பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும்.

வரித்துறைக்கு ஒரு எண், வீட்டுக்கு ஒரு எண் என்று மச்சானிடம் சொன்னேன். வரித்துறைக்கு 8.60 இருக்கட்டும், அதைச் சட்டமே கொடுத்திருக்கிறது. வீட்டுக்கு 3.50-தான். இப்போது அவன் மாதம் 28 ஆயிரத்துக்கு மேல் எடுப்பதில்லை. வீட்டில் தங்கச்சி தையல் வேலை எடுத்துச் செய்கிறாள். லாபமே வராத சர்க்கரை மூட்டையைக் கடனுக்கு விடுவதை நிறுத்தியிருக்கிறான். மாதக் கடைசியில் சரக்கு எண்ணி, நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறான்.

நான் ஜூன் 28 இரவு பாரம் பி அனுப்பி முடித்தேன். ரசீதுகளைப் பெட்டியில் போட்டு, மேலே ஆண்டை எழுதி, அலமாரியின் அடித்தட்டில் தள்ளினேன். இந்த முறை அலுத்துக்கொள்ளவில்லை.