வலமிருந்து இடமாக ஒரு போன்

ரியாத்தில் இருக்கும் சித்தப்பா, தான் வைத்திருந்த ஆண்ட்ராய்டு போனை அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினார். சிம் போட்டு வாட்ஸ்அப் வரைக்கும் வந்தாச்சு. ஆனா மெனு முழுக்க அரபி.

சித்தப்பாவுக்கு அரபி படிக்கத் தெரியும். வீடியோ காலில் ஸ்கிரீன் ஷேர் போட்டோம். அதில் அவர் பார்க்கலாம், தொட முடியாது. அம்மாவின் விரல் எங்கே இருக்குன்னும் அவருக்குத் தெரியாது. அதனால "இதை அமுக்குங்க"ன்னு சொல்லாம வரிசையை எண்ணினார்: "அண்ணி, பல்சக்கரத்தைத் தொடுங்க. கடைசி வரைக்கும் தள்ளுங்க. கீழிருந்து மூணாவது."

அம்மா பழக்கத்தில் பின்செல்லும் அம்புக்குறியை இடப்பக்கமே தேடினார். அரபியில் திரையே கண்ணாடி பிம்பம் மாதிரி திரும்பிடும்; அம்பு வலப்பக்கம் இருந்தது.

மொழிப் பட்டியல் வந்ததும் சித்தப்பா தேவைப்படவே இல்லை. அங்கே ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்தில்தான் இருக்கும். "தமிழ்"னு அம்மாவே கண்டுபிடிச்சுட்டார். ஆனா சேர்த்தும் மெனு மாறல. பட்டியலில் அரபிதான் இன்னும் முதலிடத்தில் இருந்தது. தமிழை அழுத்திப் பிடிச்சு மேலே இழுத்ததும் அம்பு இடப்பக்கம் தாவியது.

அடுத்து பேங்க் ஆப் போடலாமான்னு அம்மா கேட்டார். "முதல்ல ஷேரை நிறுத்துங்க அண்ணி, ஓடிபி வந்தா எனக்கும் தெரியும்."