வளரும் பாதத்துக்கு வாங்கும் பூட்ஸ்

கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. மழையும் அதே வாரத்தில்தான் வந்து சேர்கிறது. மறையூரில் குடியிருக்கும் நம்மவர் பலர் மே மாதக் கடைசியில் சின்னாறு காட்டைத் தாண்டி உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறுவது, பெரும்பாலும் குழந்தைகளின் சீருடைக்கும் பூட்ஸுக்குமாகவே. இவற்றில் சீருடை பெரிய சங்கடம் இல்லை. மடித்துத் தைத்த ஓரத்தை அடுத்த வருஷம் பிரித்து விடலாம். பூட்ஸில் பிரித்து விட ஓரம் ஏது?

அடியேன் ரயில்வேயில் குமாஸ்தா. பார்சல்களின் எடையையும் அளவையும் எழுதியே பழகிய கை. ஆகவே குழந்தைகளின் பாதத்தையும் அளந்து எழுதி வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் வந்துவிட்டது. இல்லத்தரசி இதைக் கேலி செய்வதுண்டு. ஆயினும், “கால் கடிக்கிறது” என்று எல்லாக் குழந்தைகளும் சொல்லிவிடுவதில்லை. சம்பளத் தேதியை எண்ணும் வீட்டில் வளரும் குழந்தை அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, விரலை மடக்கிக்கொண்டு பேசாமல் நடந்துவிடும். அளவுக் காகிதத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

அளக்கும் முறை எளிது. சுவரை ஒட்டித் தரையில் காகிதத்தை விரித்து, குதிகால் சுவரில் படும்படி குழந்தையை நிறுத்த வேண்டும். உட்கார வைத்து அளந்தால் பயனில்லை. உடம்பின் பாரம் இறங்கும்போதுதான் பாதம் தன் முழு நீளத்துக்கு விரிகிறது. மாலையில் கால் சற்றுப் பருத்திருக்குமாதலால் அப்போது அளப்பதே நல்லது. பள்ளிக்கு அணியும் காலுறையையே அணிந்திருக்கட்டும். எந்த விரல் நீண்டதோ அதன் நுனியில் கோடு இட வேண்டும். சிலருக்குக் கட்டை விரலை விட இரண்டாம் விரல் நீளம். இரு கால்களையும் அளந்து, நீண்டதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

எங்கள் எட்டு வயதுப் பையனுக்குச் சென்ற மே மாதம் இடது கால் 196 மில்லிமீட்டர், வலது கால் 199. விரலுக்கு முன்னால் சுமார் 12 மில்லிமீட்டர் இடம் வேண்டும். நடக்கையில் பாதம் முன்னே நகர்வதற்கும், வளர்ச்சிக்கும் சேர்த்து அது போதும். ஆக, பூட்ஸின் உட்புற நீளம் 211. அந்த நீளத்துக்கு விரற்கடை அகலத்தில் ஓர் அட்டைத் துண்டு வெட்டிப் பையில் வைத்துக்கொண்டேன். கடையில் அதை உள்ளே செலுத்தினால் வளையாமலும், மிகையாக இடம் விடாமலும் படுக்க வேண்டும்.

பூட்ஸின் மேல் அச்சடித்த எண்ணை மட்டும் நம்புவதில் தொல்லை உண்டு. ஆங்கில அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். குழந்தைகளுக்கு 13 வரை ஏறி, பிறகு மறுபடியும் 1 என்று ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு, ஒரே எண் ஒவ்வொரு தயாரிப்பிலும் சிறிது மாறும். அட்டைத் துண்டு மாறாது.

கடைக்காரர் வழக்கம் போல், “வளர்ற பையனுங்க, ரெண்டு நம்பர் பெருசாவே எடுத்துக்குங்க சார்” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் கணக்குப் பாருங்கள். இரண்டு எண் கூடினால் விரலுக்கு முன்னால் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் வெற்றிடம். குதிகால் ஏறி இறங்கித் தோலை உராயும். நழுவும் பூட்ஸைப் பிடித்துக்கொள்ளக் குழந்தை விரல்களை மடக்கும். அதோடு, பாதம் மடங்கும் இடமும் பூட்ஸ் மடங்கும் இடமும் ஒத்துவராததால், மேற்பகுதி தகாத இடத்தில் சுருங்கி அங்கேயே வெடித்துவிடும். இரண்டு வருஷம் உழைக்க வேண்டும் என்று வாங்கியது இந்தக் காரணத்தாலேயே சீக்கிரம் கெடும்.

இதில் அகலத்தின் சங்கதியும் கலந்திருக்கிறது. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தார்கள். ஐரோப்பியர், அமெரிக்கரை விட நம் நாட்டாரின் பாதம் பொதுவில் அகலமானது என்று அதில் தெரியவந்தது. அகலம் போதாமல் பக்கவாட்டில் இறுக்கும்போது கடையில் நீளம் கூடிய எண்ணைத் தருகிறார்கள். இறுக்கம் தணிகிறது, குதிகால் நழுவுகிறது. அப்படிப்பட்ட குழந்தைக்கு அதே நீளத்தில் முன்பகுதி அகன்ற வேறு வார்ப்பைத் தேட வேண்டும். இது அட்டைத் துண்டுக்குத் தெரியாது. எனவே புது வகை ஒன்றை முதன்முறை வாங்கும்போது குழந்தையை அழைத்துப் போவதே சரி. பஸ் கட்டணத்தைப் பார்க்கலாகாது.

அடிப்பாகத்தைப் பற்றி. பஞ்சு போன்ற நுரை அடி, கையில் எடுத்தால் இலேசாக இருக்கும். எங்கள் சரளைப் பாதையில் விரைவில் தேய்ந்துவிடும். பி.வி.சி. அடி தேயாது, ஆனால் நனைந்த கல்லில் வழுக்கும். மழையில் பிடிப்பும் உழைப்பும் சேர்ந்தது ரப்பர்தான். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றால் நுரை என்று கொள்ளலாம். பிறகு பூட்ஸை மடக்க வேண்டும். விரல்கள் மடங்கும் இடத்தில் அது மடங்க வேண்டும், நடுவில் அன்று. மடக்கும்போதே ஒட்டிய ஓரம் வாய் திறக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

ஆனால் அடி எவ்வளவு நாள் உழைக்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. பையனின் கால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்ந்து வந்தது. டிசம்பரில் 205, மிச்சம் 6 மில்லிமீட்டர்தான். அதற்கும் குறைந்தால் பூட்ஸை மாற்றியே ஆக வேண்டும். ஏழு மாதம் அணியப்போவதற்கு இரண்டு வருஷம் உழைக்கும் அடியை அதிக விலை கொடுத்து வாங்குவது யாருக்கு லாபம்? நடுத்தர விலையில் வருஷத்துக்கு இரண்டு ஜோடி என்பதே எங்கள் வீட்டு வரவு செலவு.

துவைப்பதற்குக் கான்வாஸைப் போல் வராது. சேற்றை முதலில் காயவிட்டு உதிர்த்து, கயிற்றையும் உள்விரிப்பையும் கழற்றிவிட்டுத் துவைக்க வேண்டும். சோப்பு தங்கினால் வெள்ளைத் துணி மஞ்சளாகும். இரண்டு முறை அலச வேண்டும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றி, நிழலில் காற்றாட வைத்தால் வெள்ளி இரவு துவைத்தது திங்கள் காலைக்கு உலரும். அவசரத்துக்கு அடுப்பின் பக்கம் வைத்தால் ஒட்டு விட்டுப்போகும். உள்விரிப்பைத் தூக்கிப் பார்த்து, அடியில் பழுப்பு அட்டை தென்பட்டால் அந்தப் பூட்ஸை நீரில் அமிழ்த்தலாகாது, அட்டை உப்பிவிடும். கறுப்பு ரெக்ஸின் பூட்ஸை ஈரத்துணியால் துடைப்பதோடு விட வேண்டும்.

அண்ணனுடையதைத் தம்பிக்குத் தருவதும் நம் வீடுகளில் வழக்கமே. மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் குதி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருப்பது தெரியும், அதைத் தரக்கூடாது. பெட்டியில் பத்திரப்படுத்தியதையும் சோதிக்காமல் தரக்கூடாது. பாலியூரித்தேன் என்னும் அடி, அணியாமல் சில வருஷம் ஈரக்காற்றில் கிடந்தால் தானே சிதையும். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். பத்தடி நடந்ததும் பழைய வெல்லக்கட்டி போல் உதிர்ந்துவிடும். கொடுப்பதற்கு முன் இரண்டு கையாலும் ஒருமுறை நன்றாக மடக்கிப் பார்த்தால், வீட்டுக்குள்ளேயே தெரிந்துவிடும்.