கையெழுத்துக்கு முன் ஒரு நிமிடம்

பள்ளிபாளையம் பக்கம் ஒரு காலனியின் சமுதாயக் கூடத்தில் நாங்கள் நடத்திய மாலை வகுப்பு சென்ற வாரம் முடிந்தது. கடைசி நாளில் படித்துக்காட்டிய குறிப்பு இது. இப்படி வகுப்பு எடுக்கப்போகும் தோழர்களுக்கும் உதவும் என்று இங்கே தருகிறோம்.

அம்மா, அக்கா, அண்ணன்மார்களுக்கு,

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வில் படிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50 என்று 150 மதிப்பெண். நீங்கள் எழுதிவிட்டீர்கள். ஆனால் தறி ஓட்டிவிட்டு வந்து படித்த எழுத்து, புழங்காவிட்டால் ஆறு மாதத்தில் மங்கிவிடும். அதனால் மூன்று பழக்கங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதலாவது, சனிக்கிழமைக் கணக்கு. நம் வகுப்பில் ஒரு அக்கா பட்டறையில் 20,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். வாரக்கூலியில் 300 பிடித்தார்கள். 24 வாரம் கழித்துக் கேட்டபோது இன்னும் 15,800 பாக்கி என்றார்கள். நாம் பலகையில் போட்டுப் பார்த்தோம். 24 வாரத்துக்கு 7,200 போனால் பாக்கி 12,800தான் வரவேண்டும். அவர்கள் நோட்டில் 14 வாரம்தான் ஏறியிருந்தது. பத்து வாரப் பிடித்தம், 3,000 ரூபாய், எங்கேயும் இல்லை. அக்காவிடமும் எழுத்து இல்லாததால் அந்தப் பணம் வரவில்லை. அதன்பிறகு சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு சனிக்கிழமைக் கட்டத்திலும் வாங்கிய கூலி, பிடித்த தொகை, மீதி என்று மூன்று எண்ணை எழுதினார். மேஸ்திரி எதிரிலேயே நோட்டைப் பார்த்து எழுதினார். அடுத்த எட்டு வாரத்தில் ஒரு வாரமும் விடுபடவில்லை. பழைய காலண்டரைக் கிழித்துப் போடாதீர்கள். கடன் தீரும்வரை அதுதான் உங்கள் சாட்சி.

இன்னொன்று. அட்வான்ஸ் தீரும்வரை வேறு பட்டறைக்குப் போகவே கூடாது என்று தடுத்துவைத்தால் அது கொத்தடிமை. 1976 சட்டம் அதைத் தடைசெய்து, அந்தக் கடனையே இல்லாமல் ஆக்குகிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அது கொத்தடிமைக் கடன் என்று நாம் சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான். அப்போதும் உங்கள் காலண்டர் பேசும்.

இரண்டாவது, வெறும் தாளில் கையெழுத்து போடாத பழக்கம். கைநாட்டு வைத்த காலத்தில் நீட்டிய இடத்தில் வைத்தோம். இப்போது பெயர் எழுதத் தெரிந்த சந்தோஷத்தில் நீட்டிய இடத்தில் எழுதிவிடக் கூடாது. ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து போட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் உரிமையை வாங்கியவருக்கே நாம் கொடுத்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் வாங்கியது பத்தாயிரமாக இருக்கும். தாளில் ஐம்பதாயிரம் ஏறலாம். அதனால் தொகையை எண்ணிலும் எழுத்திலும் முதலில் எழுதச் சொல்லுங்கள். மிச்ச இடத்தில் குறுக்குக் கோடு போடுங்கள். கையெழுத்துக்குக் கீழே தேதி எழுதுங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். “நம்பிக்கை இல்லையா?” என்று கேட்பார்கள். “வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்” என்று பழியை எங்கள்மேல் போட்டுவிடுங்கள். அவசரத் தேவைக்குப் போய் நிற்கும்போது இது எளிதல்ல என்று எங்களுக்கும் தெரியும். அப்போது தனியாகப் போகாதீர்கள், வகுப்பில் உடன் படித்தவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

மூன்றாவது, காவல் நிலையத்தில் செய்ய வேண்டியது. சாதி சொல்லித் திட்டினார்கள், அடித்தார்கள் என்று வாயால் சொன்ன புகாரை அவர்கள் எழுதுவார்கள். எழுதியதைப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும், நகலை உடனே தர வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அவர்கள் படித்ததும் தாளை வாங்கி நீங்களும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். மூன்று இடம் பாருங்கள்: அடித்தவர் பெயர், சம்பவம் நடந்த இடமும் நேரமும், சாதியைச் சொல்லித் திட்டிய வார்த்தை. அந்த வார்த்தை விடுபட்டு ‘வாய்த்தகராறு’ என்று மட்டும் இருந்தால் வழக்கே வேறாகிவிடும். சேர்க்கச் சொல்லுங்கள், சேர்த்த பிறகு கையெழுத்திடுங்கள். நகல் இலவசம், வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

நீங்கள் மெதுவாகத்தான் படிப்பீர்கள். எதிரில் இருப்பவர் அவசரப்படுத்துவார். அவர் காத்திருக்கட்டும். நம் தாத்தா பாட்டிகளின் கைநாட்டுக்கு யாரும் ஒரு நிமிடம்கூடக் காத்திருந்ததில்லை.

இனி சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கூடத்தின் திண்ணையில் இருப்போம். வகுப்பு கிடையாது. காலண்டரை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.