ரெண்டாவது குரல்

மதுரை நரிமேட்டில் நண்பன் வீட்டு மொட்டை மாடிதான் கல்லூரி நாட்களில் எங்கள் ராக் பேண்டின் ஒத்திகை இடம். நண்பன் பாடுவான். எனக்குக் கிடைத்தது பின்குரல். 'கூடவே பாடுறதுதானே, என்ன பெரிய வேலை' என்று நினைத்தேன்.

அவன் பாடும் அதே சுரத்தை நானும் பாடினால் அது கோரஸ். அதே நேரத்தில் வேறொரு பொருத்தமான சுரத்தைப் பிடித்தால்தான் ஹார்மனி. அவன் 'ஸ' பாடினால் நான் 'க'. கீபோர்டில் எண்ணினேன், கறுப்பும் வெள்ளையுமாகச் சரியாக நான்கு கட்டை. ரகசியம் பிடிபட்டது என்று பாட்டு முழுக்க நான்கு நான்கு கட்டையாகத் தள்ளி மனப்பாடம் செய்தேன்.

போனில் அவன் பாடியதை ஓடவிட்டு வீட்டில் பழகினேன். சின்ன வயதில் பாட்டு கற்ற அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா, அவன் சங்கராபரணத்துல போறான், நீ எதுக்குக் கல்யாணியை இழுத்துட்டு வர்றே?"

அம்மா சொன்னது சரி. அவன் 'ரி'க்கு வரும்போது நான்கு கட்டை தள்ளினால் பிரதி மத்யமம் விழும். அது அந்தப் பாட்டிலேயே இல்லாத சுரம். மூன்று கட்டைதான் தள்ள வேண்டும். அங்கே சுத்த மத்யமம் இருக்கிறது. கட்டையை எண்ணாமல், பாட்டின் சுர வரிசையிலேயே ஏற வேண்டும்: ஸ-வுக்கு க, ரி-க்கு ம, க-வுக்குப் ப.

அடுத்த அடி ஒரு கல்யாண வரவேற்பில் விழுந்தது. வீடியோவில் பார்த்தால் வார்த்தையே புரியவில்லை. முதல் வரியிலிருந்தே நான் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவன் கமகம் போட்டு அசைக்க, நான் நேராக நிற்க, இரண்டும் உரசின. வரி முடியும் 'ச்', 'க்' எல்லாம் இரண்டிரண்டு முறை கேட்டன.

பீட்டில்ஸின் 1963 பாட்டு 'திஸ் பாய்' வழி காட்டியது. சரணத்தில் மூன்று பேரும் சேர்ந்து பாடுவார்கள். நடுவில் ஜான் லெனன் மட்டும் உருகிப் பாட, மற்றவர்கள் வார்த்தையை விட்டுவிட்டு வெறும் உயிரெழுத்தாகப் பின்னால் நிற்பார்கள்.

நாங்களும் பாட்டைப் பிரித்தோம். கதை சொல்லும் வரிகள் அவனுக்கு மட்டும். பல்லவியில் அவன் சுரத்தை அசைக்காமல் நீட்டும் இடங்களில் மட்டும் நான் சேருவேன். கடைசி மெய்யெழுத்தை அவன் மட்டும் முடிப்பான். நான் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்பேன்.

அடுத்த நிகழ்ச்சியின் வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். முழுதாகப் பார்த்துவிட்டு, "நீ எங்கடா பாடுனே?" என்றார்.

ஓர் இடத்தில் இருமல் வந்து நான் பாதியில் நிறுத்தியிருந்தேன். அதை மறுபடி ஓட்டிக் காட்டினேன்.

"அட, இங்க பாட்டு திடீர்னு மெலிஞ்சு போச்சே!" என்றார் அம்மா.