வெட்டிய இழையும் குதிகால் நாணும்

எளிய சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் உண்டுவந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு, நான்காம் நாள் மாடிப்படி ஏறுகையில் குதிகாலுக்கு மேலே சுருக்கென்று வலித்தது. நடை மிகுந்ததால் வந்த வலி என்றே எண்ணினார்.

பாக்டீரியா தன் டிஎன்ஏவைப் படியெடுக்கையில் இழைகள் முறுக்கேறும். கைரேஸ் என்னும் நொதி இரு இழைகளையும் வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மீண்டும் ஒட்டும். வெட்டியபின் ஒட்டவிடாமல் மருந்து அந்நொதியை அங்கேயே பிணைத்துவிடுகிறது. ‘தடுக்கிறது’ என்னும் வினை இங்கே போதாது. நொதியே இழையை அறுக்கும் கத்தியாகிவிடுகிறது.

மனித நொதியின் அமைப்பு வேறாதலால் அது பெரும்பாலும் தப்புகிறது. நாண் தப்புவதில்லை. மருந்து மெக்னீசியத்தைப் பற்றிக்கொள்வதால் நாணின் கொலாஜன் பராமரிப்பு குலைகிறது என்பது ஒரு விளக்கம். அறுபதைக் கடந்தோர்க்கும் ஸ்டீராய்டு உண்போர்க்கும் நாண் அறும் அபாயம் மிகுதி. ஆசிரியைக்கு வயது அறுபத்தாறு; ஆஸ்துமாவுக்குப் பிரெட்னிசோலோனும் உண்டுவந்தார்.

பாதத்தில் எரிச்சலோ மரத்துப்போதலோ தோன்றின் அது நரம்புச் சேதம். மருந்தை நிறுத்திய பின்னும் நீடிக்கலாம். மாற்று மருந்து இருக்கையில் எளிய சிறுநீர்த் தொற்றுக்கு இவ்வகையைத் தவிர்க்குமாறு 2016இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அறிவுறுத்தியது இதனாலேயே.

மருத்துவர் அன்றே நைட்ரோஃபுரான்டோயினுக்கு மாற்றினார். நாண் அறவில்லை. ஆயினும் மூன்று மாதம் கடந்தும் அவர் கைப்பிடியைப் பற்றியே படியிறங்குகிறார்.