ஒரு விசாரிப்பின் பெறுமதி

திருகோணமலையில் சுற்றுலாப் படகு வைத்திருப்பவர்களுக்குக் கூகிள் விளம்பரம் பார்த்துக் கொடுப்பது என் தொழில். நிலாவெளியிலிருந்து புறாத்தீவு, துறைமுகத்துக்கு வெளியே திமிங்கிலம், டொல்பின் என்று கடல் அமைதியாய் இருக்கும் மாதங்களில்தான் இவர்களுக்கு வருமானம். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் படகு கரையேறிவிடும். அதனால் விளம்பரத்துக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயையும் கவனமாகவே பார்க்க வேண்டும்.

இவர்களுடைய தளங்களுக்கு விசாரிப்பு மூன்று வழியாக வரும். வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டுவார்கள், தொலைபேசியில் அழைப்பார்கள், அல்லது திகதியும் ஆட்தொகையும் எழுதிப் படிவம் அனுப்புவார்கள். Maximize conversions என்ற முறையில் ஏலத்தை விட்டால், கூகிளுக்கு மூன்றும் ஒன்றுதான். எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைத் தேடித்தேடி வாங்கும். எப்போதும் மலிவு வாட்ஸ்அப் தட்டல்தான். கைபேசியில் விரல் தவறிப் பட்டாலும் அது எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். அறிக்கையில் ஒரு விசாரிப்பின் செலவு இறங்கிக்கொண்டே போகும், படகோ பாதி வெறுமையாய்ப் போய்வரும். இந்த இரண்டும் ஒருங்கே நடந்தால் பெறுமதி பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

கணக்கு எளிது: நூறு பேரில் எத்தனை பேர் காசு கட்டுகிறார்கள், ஒருவர் கட்டினால் எரிபொருளும் ஆட்கூலியும் போக எவ்வளவு மிஞ்சும், இரண்டையும் பெருக்க வேண்டும். விளங்குவதற்காக உருட்டிய எண்களில் சொல்கிறேன். வாட்ஸ்அப் தட்டலில் நூற்றுக்கு 4 பேர், ஒரு பயணத்தில் மிச்சம் 12,000 ரூபாய் என்றால், ஒரு தட்டலின் பெறுமதி 480. ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்த அழைப்பில் நூற்றுக்கு 15 பேர், மிச்சம் 10,000, பெறுமதி 1,500. படிவத்தில் 25 பேர், பெரும்பாலும் குழுக்கள் என்பதால் மிச்சம் 24,000, பெறுமதி 6,000. ஆக ஒரு படிவத்துக்காகப் பன்னிரண்டு தட்டல்களை இழந்தாலும் நட்டமில்லை.

இதில் அதிகம் பிழைப்பது அந்த 4 என்ற எண். முதலாளி தன் கைபேசியைப் பார்த்து, ‘செய்தி அனுப்பினவையில பத்துக்கு ஒராள் வாறவை’ என்பார். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் கூகிள் எண்ணுவது தட்டல்களை. தட்டிய பலர் செய்தி அனுப்புவதே இல்லை. நூறு தட்டலில் 40 செய்தி, அதில் 4 பதிவு. செய்தியை வைத்துப் பத்து வீதம் என்று எழுதினால் தட்டலின் பெறுமதி இரண்டரை மடங்கு ஊதிவிடும், ஏலம் திரும்பவும் அங்கேயே ஓடும். கூகிள் எதை எண்ணுகிறதோ அதையே நாமும் வகுக்க எடுக்க வேண்டும். விளம்பரத்தால் வந்த செய்தியைப் பிரித்தறிய, வாட்ஸ்அப் இணைப்பிலேயே ஒரு தொடக்க வாசகத்தை நிரப்பி வைக்கிறேன். கூடவே ஒரே சொடுக்கில் வந்த ஆள் மூன்று முறை படிவம் அனுப்பினாலும் ஒன்றாகவே எண்ணும்படி Count என்பதில் One தெரிவு செய்கிறேன்.

பெறுமதிகளைப் போட்டபின் Maximize conversion value முறைக்கு மாற்றி, Target ROAS எதுவும் வைக்காமல் சில வாரம் விடுவேன். முன்பே ஓர் இலக்கு இருந்தாலும் அது பழைய பெறுமதிக்குரியது. அதை அப்படியே வைத்தால் ஏலம் ஒன்றில் அடங்கிப்போகும், இல்லையென்றால் கண்டபடி செலவழிக்கும். இந்த வாரங்களில்தான் முதலாளிக்கு நெஞ்சு பதறும்.

“தம்பி, போன் அடிக்கிறதே குறைஞ்சிட்டுது.”

“ஓம் அண்ணை, குறையும். முற்பணம் கட்டினவை எத்தினை பேர் எண்டு கொப்பியைப் பாப்பம்.”

அந்தக் கொப்பியை நான் பெரிதாக மதிக்கிறேன். படிவத்தில் மறைவாக ஒரு GCLID புலம் வைத்து, பதிவானவர்களைக் கூகிளுக்குத் திருப்பி ஏற்றினால் ஊகப் பெறுமதியை உண்மையோடு ஒப்பிடலாம். ஆனால் படிவத்துக்கும் பதிவுக்கும் சேர்த்துப் பெறுமதி கொடுத்தால் ஒரே ஆள் இரண்டு முறை கூடும். அதனால் பதிவை Secondary ஆக வைத்துப் பார்வைக்கு மட்டும் எடுக்கிறேன். சிறிய படகுக்காரரின் பதிவுகள் ஏலத்தைப் பழக்கப் போதாத அளவு குறைவு. படிவமும் அழைப்பும்தான் அதற்குப் போதிய எண்ணிக்கை தரும்.

நமது கரைக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. ஐரோப்பாவில் இருப்பவர் ஜனவரியில் விசாரித்து ஜூலையில் படகேறுவார். சொடுக்கி 90 நாள் கடந்த பதிவைக் கூகிள் ஏற்காது. படகேறிய நாளைப் பதிவாக எடுத்தால், முன்கூட்டியே திட்டமிட்டு வரும் நல்ல வாடிக்கையாளர் எல்லோரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். நாளைக்கே போக வேண்டும் என்று அழைப்பவர்தான் உயர்ந்தவர் என்று தோன்றும். ஆகவே முற்பணம் வந்த நாளையே ஏற்றுகிறேன். முற்பணம் வாங்கும் வழக்கமில்லாத முதலாளியிடம், விளம்பரத்தில் கைவைக்கும் முன் அதைத் தொடங்கச் சொல்கிறேன்.