பாலை மட்டும் சோதித்துப் பார்

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காலையில் பெரிய டம்ளர் நிறைய பால் குடித்தால் பத்து மணிக்குள் வயிறு பொருமுகிறது, கடமுடா என்கிறது, இழுத்துப் பிடித்து வலித்துத் தண்ணீராகப் போகிறது, போனதும் அடங்கிவிடுகிறது என்கிறாய். தயிர்சாதம் ஒன்றும் செய்வதில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

பாலில் இருக்கும் சர்க்கரை லாக்டோஸ். சிறுகுடலின் உள்சுவரில் இருக்கும் லாக்டேஸ் என்கிற நொதி அதை உடைத்தால்தான் உடம்பில் சேரும். வளர்ந்த பிறகு நம்மில் பலருக்கு லாக்டேஸ் குறைந்துவிடுகிறது. உடையாத சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகும். அங்கிருக்கும் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். அதனால் குடித்த அரைமணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் தொல்லை வரும், குடித்த அளவுக்கு ஏற்பக் கூடும். தயிரிலோ உறையில் உள்ள கிருமிகளே சர்க்கரையில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகின்றன, மீதி செரிக்கவும் உதவுகின்றன. காபிக்கு ஊற்றும் பாலையும் பெரும்பாலோர் தாங்குவார்கள்.

ஆனாலும் இப்போதே முடிவு கட்டிவிடாதே. இரண்டு வாரம் பால், காபி, டீ, ஐஸ்கிரீம், பால்கோவா எதுவும் வேண்டாம். தயிரையும் அதுவரை விட்டுவிடு. வயிறு அமைதியானால், வெளியே போகாத ஒரு நாளில் வெறும் வயிற்றில் 400 மில்லி பாலைக் குடி. அதில் ஏறக்குறைய 20 கிராம் லாக்டோஸ் இருக்கும். மதியம் வரை வேறெதுவும் சாப்பிடாமல், எத்தனை மணிக்கு என்ன செய்தது என்று குறித்து வை. நிறுத்தியபோது அடங்கி, குடித்ததும் திரும்பினால்தான் பால்மீது பழி போடலாம். சந்தேகம் தீராவிட்டால், லாக்டோஸ் கரைசலைக் குடிக்கவைத்து மூச்சில் ஹைட்ரஜன் ஏறுகிறதா என்று அளக்கும் சோதனை இருக்கிறது.

பாலை விட்ட இரண்டு வாரத்திலும் வலி வந்து, மலம் கழித்ததும் குறைந்தால், பதற்றமான நாட்களில் கூடினால், ஐபிஎஸ் என்கிற குடல் எரிச்சலாக இருக்கலாம். மலம் எண்ணெய்ப் பசையோடு நாற்றமடித்து மிதந்தால் ஜியார்டியா கிருமி இருக்கிறதா என்று அதைப் பரிசோதிக்க வேண்டும். போன மாதம் வாந்திபேதியில் படுத்திருந்தாயே, அதுவும் குடல் சுவரைப் புண்ணாக்கி லாக்டேஸைத் தற்காலிகமாகக் குறைத்திருக்கலாம். அப்படியானால் சில வாரங்களில் சுவர் ஆறியதும் பால் மறுபடி ஒத்துக்கொள்ளும். அதனால்தான் ஆயுசுக்கும் பால் கிடையாது என்று நீயே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே டாக்டரிடம் போ. லாக்டோஸ் இவற்றைச் செய்யாது. குடல் காசநோய், குடல் அழற்சி போன்றவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். பாலைப் பழி சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

இப்போது உன் எடை என்ன, பெல்ட் தளர்ந்திருக்கிறதா? அதை மட்டும் முதலில் எழுது.

அன்புடன்,
அக்கா